காது மெஷின் வாங்குவதற்கு முன்: கடையா, சொட்டு மருந்தா, ஈ.என்.டி.யா?

போன மார்கழியில் ஒரு ராத்திரி அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கட்டம் போட்ட தாளில் சிவப்பு வட்டங்கள், நீலப் பெருக்கல் குறிகள், அவற்றை இணைத்து இரண்டு கோடுகள். கீழே நாலு வரி: “அம்மாவுக்கு இலவச முகாம்ல டெஸ்ட் பண்ணியாச்சு. ரெண்டு காதுக்கும் மெஷின் போடணுமாம். ஜோடி 78,000. இந்த வாரம் எடுத்தா கொஞ்சம் குறைப்பாங்களாம். நீ சரின்னு சொன்னா பணம் கட்டிடறேன்.”

நான் கோவையில் ஒரு ஈ.என்.டி. கிளினிக்கில் ஆடியாலஜிஸ்ட். பதினோரு வருடமாக ஊரார் வீட்டு அம்மா அப்பாக்களுக்கு இந்தத் தாளை வரைந்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. மயிலாடுதுறையில் இருக்கும் என் சொந்த அம்மாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், போனில் அவள் நன்றாகத்தான் பேசினாள். போனை எப்போதும் இடது காதில்தான் வைக்கிறாள் என்பதை நான் கவனிக்கவில்லை. ஊருக்குப் போகும்போது “பருப்பு எங்கம்மா?” என்று கேட்டால் “செருப்பு வாசல்லதானே கிடக்கு” என்பாள். எல்லோரும் சிரிப்போம், அவளும் சேர்ந்து சிரிப்பாள். அதோடு போய்விடும். அவளுக்கு 72 வயது, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. சர்க்கரை இந்தக் கதைக்குள் பிறகு வரும்.

வீட்டில் மூன்று கட்சி. அண்ணன் மெஷின் கட்சி. சித்தி, “அதெல்லாம் அழுக்குதான் அடைச்சிருக்கும், மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி விடுங்க, இல்லைன்னா எண்ணெய் காய்ச்சி ஊத்துங்க” என்ற கட்சி. நான் முதலில் ஈ.என்.டி. டாக்டரிடம் காட்டச் சொன்னவள். என் தொழில் புத்தி அது என்று அண்ணன் நினைத்தான். மூன்றுக்கும் அவரவர் நியாயம் இருந்தது. எந்த வழி எந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கும், எதைக் கோட்டை விடும் என்பதை அம்மாவின் காதை வைத்தே சொல்கிறேன்.

அண்ணன் வழி: நேராகக் கடை

இந்த வழியின் பலம் வேகம். முகாமில் அரை மணி நேரத்தில் டெஸ்ட் முடிந்து, அளவு எடுத்து, அடுத்த வாரம் மெஷின் கையில். டெஸ்டுக்குக் காசு இல்லை. அம்மாவைப் பஸ் ஏற்றி அலைய வைக்க வேண்டாம். வேலைக்குப் போகிற அண்ணனுக்கு இது பெரிய விஷயம், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல் அந்தத் தாளில் இருந்தது. அந்தத் தாளுக்குப் பெயர் ஆடியோகிராம். அதில் இடமிருந்து வலமாகக் கட்டைக் குரலில் இருந்து கீச்சுக் குரல் வரை ஒலிகள்: 250 ஹெர்ட்ஸ், 500, 1000, 2000, 4000, 8000. மேலிருந்து கீழாக டெசிபல். குறி எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு சத்தமாக வைத்தால்தான் அந்தக் காதுக்குக் கேட்கிறது என்று அர்த்தம். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. இரண்டும் ஹெட்ஃபோன் வழியாக, அதாவது காற்று வழியாக, எடுத்த அளவு.

முழுமையான ஆடியோகிராமில் இன்னொரு ஜோடிக் குறி இருக்க வேண்டும். அம்பு முனை மாதிரியோ சதுர அடைப்புக்குறி மாதிரியோ இருக்கும். அது எலும்பு வழி அளவு. காதுக்குப் பின்னால் இருக்கும் மேட்டு எலும்பில் ஒரு சின்ன அதிர்வுக் கருவியை வைத்து எடுப்பார்கள். அந்த அதிர்வு காதுத் துவாரம், செவிப்பறை, நடுக்காது எதையும் தொடாமல் மண்டை எலும்பு வழியாக நேரே உள்காதுக்குப் போய்விடும். காற்று வழியில் மோசமாகவும் எலும்பு வழியில் பரவாயில்லாமலும் கேட்டால், உள்காது ஓரளவு நன்றாகத்தான் இருக்கிறது, வழியில்தான் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும். அது குறும்பியாக இருக்கலாம், செவிப்பறையில் ஓட்டையாக இருக்கலாம், நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம், உள்ளே இருக்கும் அங்கவடி எலும்பு இறுகிப் போயிருக்கலாம். இரண்டு அளவும் ஒட்டிக்கொண்டே இறங்கினால் கோளாறு உள்காதிலோ நரம்பிலோ. வயதால் வரும் மந்தம் இந்த ரகம்.

அண்ணன் அனுப்பிய தாளில் அம்புக்குறி ஒன்றுகூட இல்லை. வட்டமும் பெருக்கலும் மட்டும். “டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி காதுக்குள்ள லைட் அடிச்சுப் பார்த்தாங்களா?” என்று கேட்டேன். “இல்லையே, ஹெட்ஃபோன் மாட்டிப் பட்டனைக் கையில குடுத்தாங்க” என்றான். டெஸ்ட் நடந்த இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் பக்க அறை. வெளியே மைக்கில் டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். சத்தமுள்ள இடத்தில் கட்டைக் குரல் அளவுகள் உள்ளதைவிட மோசமாகத்தான் வரும்.

தாளில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. வலது காது 500 ஹெர்ட்ஸில் 55, 1000-இல் 55, 2000-இல் 65, 4000-இல் 75. இடது காது அதே வரிசையில் 30, 35, 45, 60. வயதால் வரும் மந்தம் இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இறங்கும். இங்கே 500 ஹெர்ட்ஸில் இரண்டு காதுக்கும் 25 டெசிபல் வித்தியாசம். ஒரு காதில் மட்டும் கூடுதலாக ஏதோ நடக்கிறது. அது என்னவென்று அந்தத் தாளால் சொல்ல முடியாது.

இந்த நிலையில் மெஷின் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மெஷினை அந்தத் தாளைப் பார்த்துத்தான் புரோகிராம் செய்வார்கள். பழைய தோராயக் கணக்கு ஒன்று உண்டு: எவ்வளவு இழப்போ அதில் பாதி அளவு ஒலியைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். 55 டெசிபல் என்று தாள் சொன்னால் 27, 28 டெசிபல் ஏற்றிவிடுவார்கள். அந்த 55-இல் பாதிக்கு மேல் குறும்பியால் வந்தது என்றால், அது என்றைக்காவது வெளியே வந்ததும் அதே மெஷின் பாத்திரம் விழும் சத்தத்தை இடி மாதிரி காதுக்குள் போடும். பிறகு அது பீரோவுக்குள் போகும். அதற்கு முன்பே இன்னொரு தொல்லை: காதுக்குள் செருகும் அச்சு, இருக்கிற குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும். மெஷின் விடும் ஒலி அடைப்பில் மோதித் திரும்பி வந்து ‘கீய்ங்’ என்று விசிலடிக்கும். “மெஷின் சரியில்லை” என்று எங்களிடம் வருகிறவர்களில் கணிசமான பேருக்கு மெஷினில் கோளாறே இருக்காது. அதன் ஓட்டையில் குறும்பி அடைத்திருக்கும், அல்லது காதிலேயே அடைத்திருக்கும்.

எல்லாக் கடையும் இப்படி என்று சொல்ல வரவில்லை. பி.ஏ.எஸ்.எல்.பி. படித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த ஆடியாலஜிஸ்ட் உட்கார்ந்திருக்கும் கடைகள் உண்டு. அவர்கள் முதலில் ஓட்டோஸ்கோப்பால் காதைப் பார்ப்பார்கள். குறும்பி இருந்தால் “எடுத்துட்டு வாங்க, அப்புறம் டெஸ்ட் பண்ணலாம்” என்று திருப்பி அனுப்புவார்கள். விற்பனை தள்ளிப்போனாலும் அப்படி அனுப்புகிற கடையை நம்பலாம்.

சித்தி வழி: சொட்டு மருந்து

சித்தி சொன்னது பாதி சரி. வயதானவர்களுக்குக் குறும்பி அடைப்பது சகஜம். காதுத் துவாரத்தின் தோல் செவிப்பறையில் இருந்து வாசலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். குறும்பியும் அந்த நகர்வில் தானாக வெளியே வந்து உதிர வேண்டும். வயதானால் நகர்வு குறைகிறது, சுரப்பிகள் வற்றுவதால் குறும்பி காய்ந்து கெட்டியாகிறது, காது முடியும் முரடாகி அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதோடு பட்ஸ், கொண்டை ஊசி, தீக்குச்சி எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பட்ஸில் ஒட்டி வருவது கொஞ்சம், உள்ளே இடிபட்டு இறுகுவது நிறைய.

அடைப்பா வயதா என்று வீட்டிலேயே ஓரளவு ஊகிக்கலாம். தலைக்குக் குளித்த அன்று திடீரென்று காது அடைத்துக்கொண்டால் அது பெரும்பாலும் குறும்பி. தண்ணீர் பட்டு ஊறி உப்பி, மிச்சமிருந்த இடைவெளியையும் மூடிவிடுகிறது. மயிரிழை இடைவெளி இருக்கும் வரை ஒலி உள்ளே போய்விடும் என்பதால், பாதி அடைத்த காதில் ஒன்றும் தெரியாது. முழுக்க மூடிய அன்றுதான் தெரியும். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பார்க்கச் சொல்லலாம். ஒரு காதில் அடைப்பு இருந்தால் அந்த முனகல் அடைத்த காதுப் பக்கமே பலமாகக் கேட்கும். நாங்கள் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே கணக்குதான். போனிலேயே அம்மாவை முனகச் சொன்னேன். “வலது பக்கம் கும்முனு இருக்குடி” என்றாள். ஆக, வலது காதில் ஏதோ அடைப்பு.

வயதின் குணம் வேறு. பல வருடமாக, இரண்டு காதிலும், மெல்ல மெல்ல வரும். சத்தம் கேட்கும், சொல் புரியாது. ச, த, க, ப மாதிரி எழுத்துகளின் ஒலி மேல் ஸ்தாயியில் மெலிதாக இருப்பதால் அவைதான் முதலில் நழுவும். உயிரெழுத்துகள் கட்டையாக, பலமாக இருப்பதால் கடைசி வரை நிற்கும். அம்மாவுக்குப் ‘பருப்பு’ செருப்பானது இதனால்தான். முதலெழுத்து போய்விட்டது, ‘ருப்பு’ மட்டும் போய்ச் சேர்ந்தது, மிச்சத்தை அவளே ஊகித்துக்கொண்டாள். பேரப்பிள்ளைகளின் கீச்சுக் குரல் புரியாமல் அண்ணனின் கட்டைக் குரல் புரிகிறது என்பதும் இதே கதை. ஆக அம்மாவிடம் இரண்டு அறிகுறியும் கலந்தே இருந்தன.

சரி, சொட்டு மருந்தை நேரே விட்டால் என்ன? குறும்பியை இளக்கும் மருந்துகள் பெரும்பாலும் பாதுகாப்பானவை. சோடியம் பைகார்பனேட் கலந்தவை, எண்ணெய்ப் பசை உள்ளவை என்று இருக்கின்றன. ஒருக்களித்துப் படுத்து மூன்று நான்கு சொட்டு, பத்து நிமிடம் அப்படியே, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, நான்கைந்து நாள். முதல் இரண்டு நாள் குறும்பி ஊறுவதால் காது இன்னும் மந்தமாகும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்தக் கூடாது. சில பேருக்கு இதிலேயே இளகி வெளியே வந்துவிடும்.

ஆனால் செவிப்பறையில் ஓட்டை இருந்தால் விடக் கூடாது. சின்ன வயதில் காதில் சீழ் வடிந்தவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். ஓட்டை இருப்பதே தெரியாமல் அறுபது வருடம் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். குறும்பி மறைத்திருக்கும்போது ஓட்டை இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்கவும் முடியாது. அதனால் ‘எப்போதாவது சீழ் வடிந்ததா, ஆபரேஷன் நடந்ததா, இப்போது வலி இருக்கிறதா’ என்ற மூன்று கேள்விக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால்தான் சொட்டு மருந்து. காய்ச்சிய எண்ணெயை எந்த நிலையிலும் ஊற்ற வேண்டாம். கை பொறுக்கும் சூட்டைச் செவிப்பறை பொறுக்காது. நம் ஊர்ப் புழுக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்குள்ள காதில் பூஞ்சை பிடிப்பதும் எளிது. நனைந்த செய்தித்தாள் மாதிரி சாம்பலும் கறுப்பு புள்ளியுமாக உள்ளே படிந்திருக்கும். அரிப்பு தாங்க முடியாது. காதில் மெழுகுத் திரி ஏற்றி அழுக்கை உறிஞ்சுவதாகச் சொல்வதும் வீண் வேலை. திரியின் அடியில் மிஞ்சுவது எரிந்த மெழுகு, காது அழுக்கு இல்லை.

சொட்டு மருந்து வழியின் பெரிய குறை மருந்தில் இல்லை, காத்திருப்பதில். “இன்னும் நாலு நாள் விட்டுப் பார்க்கலாம்” என்று சொல்லிக்கொண்டிருப்பது சில கோளாறுகளில் காதையே பறித்துவிடும். ஒரே நாளில், அல்லது மூன்று நாளுக்குள், ஒரு காது சட்டென்று போய்விட்டால் அது குறும்பியாக இருக்கலாம், உள்காது நரம்பு பாதிப்பாகவும் இருக்கலாம். இரண்டாவது என்றால் ஸ்டீராய்டு மருந்தைச் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன்; இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறையும். அதேபோல ஒரு காதில் மட்டும் மந்தம், அதே காதில் ‘ங்ங்’ என்ற இரைச்சல் என்றால், குறும்பி இல்லை என்று தெரிந்த பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். கேட்கும் நரம்பை ஒட்டி வளரும் ஒரு கட்டி அரிதாக இப்படிக் காட்டும். புற்றுநோய் இல்லை, ஆனால் தெரியாமல் விடக் கூடாதது. பெரியவர்களுக்கு ஒரு பக்க நடுக்காதில் மட்டும் நீர் கோத்திருந்தால் மூக்கின் பின்புறத்தைக் குழாய் விட்டுப் பார்ப்பதும் அங்கே கட்டி ஏதும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

பழைய மருந்துச் சீட்டையும் ஒரு முறை புரட்ட வேண்டும். டி.பி.க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஏற்றிய அமிக்காசின், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் எல்லாம் உள்காதைப் பாதிப்பவை. தறியோ மாவு மில்லோ சத்தத்தில் முப்பது வருடம் நின்றவர்களுக்கு வயதோடு அதுவும் சேரும்.

என் வழி: முதலில் உள்ளே பார்ப்பது

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பே லீவு போட்டு ஊருக்குப் போனேன். கும்பகோணத்தில் ஒரு ஈ.என்.டி. டாக்டர். 500 ரூபாய் ஃபீஸ். ஓட்டோஸ்கோப்பை இடது காதில் வைத்தார். செவிப்பறை முத்துச் சிப்பி மாதிரி மங்கலாகப் பளபளத்தது, ஓரத்தில் கொஞ்சம் குறும்பி. வலது காதில் வைத்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். துவாரம் முழுக்கக் கரும்பழுப்பாக ஒரு சுவர்.

குறும்பி எடுக்க மூன்று முறை உண்டு: தண்ணீர் பீய்ச்சுவது, உறிஞ்சுவது, மெல்லிய கொக்கியால் எடுப்பது. தண்ணீர் பீய்ச்சுவது மலிவு, பல காதுகளுக்கு அதுவே போதும். தண்ணீர் உடம்புச் சூட்டில், 37 டிகிரியை ஒட்டி, இருக்க வேண்டும். குளிர்ந்தோ சுட்டோ போனால் உள்காதின் சமநிலை உறுப்பு தூண்டப்பட்டு அறையே சுற்றும். வயதானவர் நாற்காலியில் இருந்து சரிவார். செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ காது ஆபரேஷன் ஆகியிருந்தாலோ பீய்ச்சவே கூடாது.

இங்கேதான் சர்க்கரை வருகிறது. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை உள்ள வயதானவர்களுக்குக் காதுக்குள் சின்னக் கீறலும் ஈரமும் சேர்ந்தால் கிருமி தோலைத் தாண்டி மண்டை எலும்பு வரை போகும் கடுமையான தொற்று அரிதாக வரும். வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டிய நோய் அது. பட்ஸால் குடைவதில் இருக்கும் ஆபத்தும் அதே. அம்மாவின் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 8.2. “தண்ணி வேண்டாம், நாலு நாள் சொட்டு போட்டுட்டு வாங்க, உறிஞ்சி எடுத்துடலாம்” என்றார் டாக்டர். சித்தியின் சொட்டு மருந்துதான். ஆனால் சீழ் வடிந்த கதை இல்லை என்று கேட்டு, உள்ளே பார்த்த பிறகு கொடுத்தது.

நான்காம் நாள் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே அம்மா படுத்தாள். உறிஞ்சு குழாய் காதுக்குள் போனதும் அவளுக்கு ஜெட் விமானம் மாதிரி கேட்டிருக்கும்; என் கையை இறுக்கிப் பிடித்தாள். முதலில் கூழ் மாதிரி வந்தது. அப்புறம் கொக்கியால் நெம்பி எடுத்த கட்டி ஈச்சங்கொட்டை அளவு இருந்தது, நிறமும் அதேதான். டாக்டர் அதை டிரேயில் கவிழ்த்துக் காட்டினார். நடுவில் வெள்ளையாக ஒரு பஞ்சுத் துணுக்கு. எந்த வருடத்துப் பட்ஸோ. அம்மா எழுந்து உட்கார்ந்து மேலே பார்த்தாள். “இந்த ஃபேன் எப்பவுமே இப்படித்தான் சத்தம் போடுமா?” என்று கேட்டாள்.

அன்றைக்கே ஆடியோகிராம் எடுக்கவில்லை. உறிஞ்சும் இரைச்சலில் காது கொஞ்ச நேரம் மரத்துப் போகலாம் என்பதால் இரண்டு நாள் விட்டோம். ஒலி புகாத அறை; காற்று வழி, எலும்பு வழி இரண்டும். நடுக்காதில் நீர் இல்லை என்று டிம்பனோமெட்ரியில் பார்த்தார்கள். ஹெட்ஃபோனுக்குப் பதில் காதுக்குள் செருகும் நுரை முனையைப் போட்டது டெஸ்ட் எடுத்த பெண்ணின் நல்ல பழக்கம். வயதானவர்களின் காதுக் குருத்தெலும்பு தளர்ந்திருக்கும். இறுக்கமான ஹெட்ஃபோன் அழுத்தினால் துவாரமே மடங்கி மூடிக்கொண்டு, இல்லாத அடைப்பைத் தாளில் காட்டும்.

வலது காது இப்போது 500-இல் 25, 1000-இல் 30, 2000-இல் 45, 4000-இல் 60. நான்கின் சராசரி 62-ஐ ஒட்டி இருந்தது 40 ஆகிவிட்டது. இடது காதின் 42-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. இரண்டு காதிலும் எலும்பு வழிக் குறிகள் காற்று வழிக் குறிகள் மேலேயே உட்கார்ந்திருந்தன. வழியில் இனி அடைப்பில்லை. மிச்சம் இருப்பது வயது. கோடு கட்டைக் குரலில் நன்றாக ஆரம்பித்து கீச்சுக் குரலில் சரிகிறது, பாடப் புத்தகத்தில் போடும் படம் மாதிரி.

ஆக, அண்ணனும் தோற்கவில்லை. அம்மாவுக்கு மெஷின் உதவும் என்பது உண்மைதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அளவுகோலில் 35 முதல் 50 டெசிபல் வரை நடுத்தர இழப்பு. ஆனால் அவளுக்கு வேண்டிய மெஷின் முகாமில் சொன்னது இல்லை. அங்கே பரிந்துரைத்தது காதை முழுக்க மூடும் அச்சு வைத்த, பலம் கூடிய மெஷின். கட்டைக் குரல் நன்றாகக் கேட்கும் காதை அப்படி மூடினால் சொந்தப் பேச்சு குடத்துக்குள் பேசுவது போல எதிரொலிக்கும், சாப்பிடும்போது மெல்லும் சத்தம் மண்டைக்குள் கேட்கும். அம்மாவுக்குப் பொருந்துவது மெல்லிய ஒயரில் ஸ்பீக்கர் காதுக்குள் போகும் ரகம், ஓட்டைகள் வைத்த சிலிக்கான் முனையோடு. கட்டைக் குரல் இயல்பாக உள்ளே போகும், மேல் ஸ்தாயியை மட்டும் மெஷின் தூக்கிக் கொடுக்கும்.

எதை வாங்கினாலும் வாங்கும் முன் பார்க்க வேண்டிய இன்னொரு எண், சொல் புரியும் அளவு. போதுமான சத்தத்தில் 25 தமிழ்ச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைப்பார்கள். அம்மா 22 சொன்னாள், 88 சதவீதம். சத்தத்தைக் கூட்டினால் அவளுக்குப் புரிகிறது, எனவே மெஷின் பலன் தரும். இது 50-க்குக் கீழே இருந்தால் எவ்வளவு விலை கொடுத்தாலும் ‘கேக்குது, புரியலை’ என்பதுதான் மிஞ்சும். அதை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிட வேண்டும். இரண்டு காதின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு காதில் மட்டும் இந்த எண் சரிந்திருந்தால் அதற்கும் எம்.ஆர்.ஐ. பேச்சு வரும்.

செலவுக் கணக்கு

டாக்டர் ஃபீஸ், குறும்பி எடுத்தது, ஆடியோகிராம் எல்லாம் சேர்ந்து எங்களுக்கு 2,300 ரூபாய். இதே வேலையை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் ஈ.என்.டி. பிரிவில் காசில்லாமல் செய்துகொள்ளலாம். இரண்டு மூன்று நடை ஆகும், அவ்வளவுதான். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் 60 வயது தாண்டியவர்களுக்கு, 2017-இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஷ்ரீ யோஜனா முகாம்களில் மெஷினே இலவசமாகத் தருகிறார்கள். அங்கே கிடைப்பது எளிய மாடல்தான். ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அங்கே போகும் முன்பும் குறும்பியை எடுத்துவிட்டுப் போங்கள். ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கு வரும் ‘காது ஒலிப்பெருக்கி’கள் எல்லா ஒலியையும் ஒரே அளவில் தூக்குபவை. சரியும் கோடு உள்ள காதுக்கு அது பாத்திரச் சத்தத்தைத்தான் பெரிதாக்கும், பேச்சைத் தெளிவாக்காது.

அம்மா என்ன முடிவு செய்தாள் என்று சொல்ல வேண்டும். குறும்பி எடுத்த பிறகு “எனக்கு இதுவே போதும்” என்றாள். நான் வற்புறுத்தவில்லை. 40 டெசிபலில் அப்படி ஒரு முடிவும் நியாயம்தான்: முகம் பார்த்துப் பேசுவது, டி.வி.யை அணைத்துவிட்டுப் பேசுவது, ஒரு வருடம் கழித்து மறுபடி அளப்பது. ஆனால் சித்திரையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு வந்தவள் ராத்திரி போன் செய்தாள். பந்தியில் பத்துப் பேர் பேசியதில் ஒன்றும் புரியவில்லையாம், சும்மா தலையாட்டிவிட்டு வந்தாளாம். அதற்குப் பிறகுதான் இரண்டு வாரம் வீட்டில் போட்டுப் பார்க்கக் கொடுக்கும் ஓர் இடத்தில் ஜோடி மெஷின் எடுத்தோம். 52,000 ரூபாய். ஒரு காதுக்கு மட்டும் போதாதா என்று அண்ணன் கேட்டான். இரண்டு காதும் ஒரே அளவு மந்தம் என்றால் இரண்டுக்கும் போட்டால்தான் கூட்டத்தில் யார் எந்தப் பக்கமிருந்து பேசுகிறார்கள் என்று மூளையால் பிரிக்க முடியும். அம்மாவின் குறையே கூட்டம்தான்.

காலையில் பூ கட்டும்போது போடுகிறாள், சமையலறைக்குள் போகும்போது கழற்றி அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன டப்பாவில் வைக்கிறாள். குக்கர் விசில் சத்தம் காதுக்கு ஆகவில்லையாம். சாயங்காலம் மறுபடி போடுகிறாள். மெஷின் போட்ட காதில் குறும்பி சேர்வது அதிகம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்டச் சொல்லி, ஐப்பசி மாதத் தாளில் ஒரு வட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். பட்ஸ் டப்பாவை மட்டும் நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். போன வாரம் அண்ணன் சொன்னான், இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறாளாம்.